வாயுச் சமநிலையில் அழுத்தம் மாறினால் என்ன ஆகும்? திசை சொல்லவும் Kp கணக்கிடவும் ஒரு வழிகாட்டி

நெல்லைப் பக்கம் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ பிஎஸ்சி வேதியியல் சேரப் போகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நீட்டுக்குப் படிக்கிறவர்களுக்கும் உதவும்.

நான் படித்த காலத்தில் என் கையில் இருந்தது ஒரே ஒரு வரி: "அழுத்தம் கூடினால் மோல் குறைந்த பக்கம் போகும்." ஒரு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். எவ்வளவு தூரம் போகும், நிறம் ஏன் எதிர்பார்த்தபடி மாறவில்லை, நடுவில் ஆர்கானைச் செலுத்தினால் என்ன ஆகும் என்று கேள்வி ஓரடி தள்ளிப் போனால் அந்த வரி கைகொடுக்காது. அதை ஒழுங்காகப் புரிந்துகொள்ள நான் ரொம்பவே அலைந்தேன். நீங்கள் அலைய வேண்டாம். ஒரே ஒரு வினையை எடுத்துக்கொண்டு கடைசி வரை போட்டுப் பார்ப்போம்.

அந்த வினை இதுதான்:

```
N₂O₄(g) ⇌ 2 NO₂(g)
```

டைநைட்ரஜன் டெட்ராக்சைடுக்கு நிறம் இல்லை. அது பிரிந்து வரும் நைட்ரஜன் டைஆக்சைடு செம்பழுப்பு நிறம். சமநிலை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

1. கணக்கைத் தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று தகவல்கள் இல்லாமல் பேனாவைத் திறக்காதீர்கள். முதலாவது, சமன்செய்த சமன்பாடு. ஒவ்வொரு பொருளும் திண்மமா, திரவமா, வாயுவா என்ற குறிப்பும் அதில் இருக்க வேண்டும். இரண்டாவது, வெப்பநிலை. மூன்றாவது, அழுத்தத்தை எப்படி மாற்றினார்கள் என்பது. கலனை அமுக்கினார்களா, அல்லது வேறொரு வாயுவை உள்ளே விட்டார்களா? கேள்வியில் இந்த மூன்றாவது தகவல் பெரும்பாலும் ஒரு சின்ன வார்த்தையில் ஒளிந்திருக்கும். "மாறாத கன அளவில்" அல்லது "மாறாத அழுத்தத்தில்" என்று எங்காவது இருந்தால் அதன் கீழே ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

செலவு என்று பார்த்தால் ஒரு நோட்டும் ஒரு லாக் புக்கும்தான். பதினொன்றாம் வகுப்பு வேதியியல் பாடநூல் அரசின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அதில் சமநிலைப் பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். நீட் தேர்வில் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. அதனால் வர்க்கமூலத்தைக் கையாலேயே தோராயமாகக் கண்டுபிடிக்கப் பழகிக்கொள்ளுங்கள். முதல் தடவை இந்தக் கணக்கை முழுசாகப் போட முக்கால் மணி நேரம் ஒதுக்கிவையுங்கள். பழகிவிட்டால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

2. வாயு மோல்களை மட்டும் எண்ணுங்கள்

வலப்பக்க வாயு மோல்களிலிருந்து இடப்பக்க வாயு மோல்களைக் கழித்தால் வருவது Δn. நம் வினையில் 2 − 1 = 1.

இங்கே பலர் சறுக்குவது திண்மங்களையும் சேர்த்து எண்ணுவதால்தான். தாழையூத்துப் பக்கம் வெட்டியெடுக்கிற சுண்ணாம்புக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுட்டால் CaCO₃ பிரிந்து CaO-வும் CO₂-வும் வரும். எல்லாவற்றையும் எண்ணினால் இடப்பக்கம் 1, வலப்பக்கம் 2. வாயுவை மட்டும் எண்ணினால் இடப்பக்கம் 0, வலப்பக்கம் 1. இந்த இடத்தில் தற்செயலாக இரண்டு வழியிலும் வித்தியாசம் 1 என்றே வருகிறது. அதனால் தவறான பழக்கம் வெளியே தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். கார்பனும் CO₂-வும் சேர்ந்து 2 CO ஆகும் வினையில் அது காலை வாரும். எல்லாவற்றையும் எண்ணினால் வித்தியாசம் 0, வாயுவை மட்டும் எண்ணினால் 1. சரியான விடை 1.

3. K-யைக் கணக்கிடுங்கள்: ஒரு எடையிலிருந்து

புத்தகக் கணக்குகளில் K-யைக் கொடுத்துவிடுவார்கள். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த படிகள் மனதில் நிற்கும்.

1 லிட்டர் கண்ணாடிக் குடுவையில் இந்த வாயுக் கலவை இருக்கிறது என்று வையுங்கள். வெப்பநிலை 25 டிகிரி, அதாவது 298 K. அழுத்தம் 1 வளிமண்டலம். உள்ளே இருக்கும் வாயுவின் எடை 3.16 கிராம். இவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

முதலில் சராசரி மோலார் நிறை:

```
M = wRT / PV = (3.16 × 0.0821 × 298) / (1 × 1) = 77.3 கி/மோல்
```

N₂O₄ மட்டும் இருந்தால் 92 வர வேண்டும். NO₂ மட்டும் இருந்தால் 46. நமக்கு 77.3 வந்திருக்கிறது. ஆக, கொஞ்சம் பிரிந்திருக்கிறது. எவ்வளவு என்பதைச் சொல்வது பிரிகை வீதம், α.

1 மோல் N₂O₄-இல் தொடங்கினால், சமநிலையில் (1 − α) மோல் N₂O₄-வும் 2α மோல் NO₂-வும் இருக்கும். மொத்தம் (1 + α) மோல். எடை மாறவில்லை, மோல்தான் கூடியிருக்கிறது. அதனால் சராசரி நிறை 92/(1 + α) என்று இறங்கும்.

```
α = 92/77.3 − 1 = 0.19
```

நூற்றுக்கு 19 பிரிந்திருக்கிறது. இப்போது பகுதி அழுத்தங்களை எழுதி Kp-யில் போட வேண்டும்:

```
p(NO₂)  = 2α P / (1 + α)
p(N₂O₄) = (1 − α) P / (1 + α)

Kp = p(NO₂)² / p(N₂O₄) = 4α² P / (1 − α²)
   = 4 × 0.0362 × 1 / 0.9638 = 0.15 atm
```

கடைசி வரியை மனப்பாடம் செய்யாதீர்கள். அதற்கு மேலே உள்ள இரண்டு வரிகளை ஒவ்வொரு தடவையும் எழுதிவிட்டு, அதிலிருந்தே அதை வரவழையுங்கள். ஏன் என்பது கடைசிப் படியில் தெரியும்.

ஆய்வகத்தில் நிஜமாகவே எடை போடப் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயங்களில் கவனமாக இருங்கள். ஒன்று, வெறும் குடுவையின் எடையைக் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். 1 லிட்டர் காற்றே ஏறக்குறைய 1.2 கிராம் இருக்கும். காற்றோடு எடை போட்டுக் கழித்தால் வாயுவின் எடை 2 கிராமுக்குக் கீழே இறங்கி, M ஏறக்குறைய 48 என்று வந்து நிற்கும். கிட்டத்தட்ட முழுதும் பிரிந்துவிட்டது என்று அர்த்தம் ஆகிவிடும். அறை வெப்பநிலையில் அப்படி நடக்காது. இரண்டாவது, எடையில் வரும் சின்னப் பிழை K-யில் பெரிதாகிவிடும். 3.16-க்குப் பதில் 3.19 என்று படித்தால் Kp 0.15-இலிருந்து 0.13-க்கு வந்துவிடும். எடையில் 1 சதவீதப் பிழை, K-யில் 12 சதவீதப் பிழை. காரணம், α என்பது 92/M என்ற எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் மிஞ்சுகிற சின்ன எண். பிழை முழுவதும் அந்த மிச்சத்தில் போய் உட்காரும். அப்புறம் அதை வர்க்கம் வேறு செய்கிறோம்.

Kc வேண்டும் என்றால் Kp = Kc(RT)^Δn. நம் வினைக்கு Kc = 0.15 / (0.0821 × 298) = 0.0061 மோல்/லிட்டர். அழுத்தம் வளிமண்டலத்தில் இருக்கும்போது R-க்கு 8.314 போட்டுவிடாதீர்கள். 0.0821 தான்.

4. திசையைச் சொல்லுங்கள்: K-யைத் தொடாமல் Q-வைப் பாருங்கள்

இப்போது பிஸ்டனை அமுக்கி மொத்த அழுத்தத்தை 2 வளிமண்டலம் ஆக்குகிறோம். வெப்பநிலை அதே 298 K.

அமுக்கிய அந்தக் கணத்தில் வினை இன்னும் நகரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கலவையின் விகிதம் மாறாததால் இரண்டு பகுதி அழுத்தங்களும் அப்படியே இரட்டிக்கும். NO₂ 0.32-இலிருந்து 0.64, N₂O₄ 0.68-இலிருந்து 1.36. இவற்றை K-யின் வாய்பாட்டிலேயே போட்டால் வருவது வினைக் குணகம் Q:

```
Q = 0.64² / 1.36 = 0.30
```

K 0.15, Q 0.30. Q பெரிதாக இருப்பதால், அது K அளவுக்கு இறங்கும் வரை வினை பின்னோக்கிப் போகும். NO₂ சேர்ந்து N₂O₄ ஆகும்.

இதில் ஒரு நல்ல குறுக்குவழி இருக்கிறது. அழுத்தத்தை எத்தனை மடங்கு ஆக்கினோமோ, Q அந்த எண்ணின் Δn அடுக்கு மடங்கு ஆகும். நமக்கு 2¹ = 2 மடங்கு. அம்மோனியா தயாரிப்பில் N₂ + 3H₂ ⇌ 2NH₃, Δn = −2. அங்கே அழுத்தத்தை இரட்டித்தால் Q கால் பங்காகக் குறையும், வினை முன்னோக்கிப் போகும். H₂ + I₂ ⇌ 2HI வினையில் Δn = 0. Q மாறாது, நகர்வும் இல்லை. லீ சாட்லியர் தத்துவம் சொல்கிற எல்லாமே இந்த ஒரு வரியில் எண்ணாகக் கிடைத்துவிடுகிறது.

இந்த இடத்தில் பலருக்கும் வருகிற சந்தேகம் ஒன்று: அழுத்தம் மாறியதால் K மாறியதா? மாறவில்லை. மாறியது Q மட்டும். K-யை மாற்றுவது வெப்பநிலை ஒன்றுதான்.

5. எவ்வளவு நகர்ந்தது?

படி 3-இல் வந்த சமன்பாட்டைத் திருப்பி எழுதுங்கள்:

```
α² = Kp / (4P + Kp) = 0.15 / 8.15 = 0.0184
α  = 0.136
```

19 சதவீதமாக இருந்த பிரிகை 13.6 சதவீதமாக இறங்கிவிட்டது. இத்தோடு நிறுத்திவிடாமல் பகுதி அழுத்தங்களையும் போட்டுப் பாருங்கள். NO₂ 0.48, N₂O₄ 1.52. கூட்டினால் 2.00. 0.48² / 1.52 = 0.15. விடை சரி. இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம்தான் ஆகும். எந்த அவசரத்திலும் இதை விட்டுவிடாதீர்கள்.

இப்போது அந்த 0.48-ஐ நன்றாகப் பாருங்கள். அமுக்குவதற்கு முன் NO₂-வின் பகுதி அழுத்தம் 0.32. சமநிலை பின்னோக்கி நகர்ந்து NO₂ குறைந்த பிறகும் அது 0.48. முன்பைவிட அதிகம்!

மூடிய கண்ணாடி சிரிஞ்சில் இந்தக் கலவையை அமுக்கிக் காட்டியபோது ஒரு தம்பி கேட்டான்: "அண்ணாச்சி, அழுத்தம் கூடுனா கலரு கொறையணும்லா? இங்க கூடுதே!" அவன் பார்த்தது சரிதான். பக்கவாட்டில் பார்த்தால், அமுக்கியதும் நிறம் சட்டென்று அடர்ந்துவிடும். உடனே கொஞ்சம் வெளிறும். ஆனாலும் பழைய நிறத்துக்குத் திரும்பாது, அதைவிட அடர்த்தியாகவே நிற்கும். நம் எண்கள் அப்படியே அதைச் சொல்கின்றன. 0.32-இலிருந்து 0.64-க்கு ஏறி, 0.48-க்கு இறங்கி நிற்கிறது. சமநிலை நகர்ந்ததால் கூடுதலில் பாதிதான் ஈடானது. முழுதும் ஈடாகவில்லை.

அப்படியானால் "NO₂ குறைந்தது" என்பது பொய்யா? இல்லை. மோல் கணக்கில் 0.38-இலிருந்து 0.27-க்குக் குறைந்துதான் இருக்கிறது. இடமும் குறைந்ததால் நெருக்கம் கூடிவிட்டது. அதே சிரிஞ்சை முனைப் பக்கத்திலிருந்து நெட்டுவாக்கில் பார்க்க முடிந்தால், நிறம் கடைசியில் முன்பைவிட வெளிறியிருக்கும். அப்போது கண்ணுக்கு எதிரே இருப்பது மொத்த NO₂. தேர்வில் "நிறம் எப்படி மாறும்" என்று கேட்டால் "முதலில் அடரும், பிறகு சற்று வெளிறும், ஆனால் தொடக்கத்தைவிட அடர்த்தியாக இருக்கும்" என்று மூன்றையும் எழுதுங்கள்.

இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். NO₂ நச்சு வாயு. சுவாசித்தவுடன் பெரிதாக ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். கல்லூரி ஆய்வகத்தில், புகையை வெளியே இழுக்கிற கூண்டுக்குள் வைத்து, ஆசிரியர் கையால் மட்டும்.

6. கன அளவைப் பாதியாக்குவதும் அழுத்தத்தை இரட்டிப்பதும் ஒன்றல்ல

கேள்வியில் "கன அளவு பாதியாக்கப்படுகிறது" என்று இருந்தால் P = 2 என்று போட்டுவிடக் கூடாது. பாதியாக்கியதும் மோல்கள் குறைவதால் அழுத்தமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். நம் கலவைக்கு அது 1.91 வளிமண்டலத்தில் நிற்கும். அப்போது α 0.139. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் வழி வேறு. கன அளவு கொடுத்தால் செறிவை எழுதி Kc-யில் போடுங்கள்:

```
Kc = 4α² / [(1 − α) V]
```

இது இருபடிச் சமன்பாடாக வரும். முன்பு போல நேராக வர்க்கமூலம் எடுக்க முடியாது. V என்பது 1 மோல் N₂O₄-இல் தொடங்கினால் கலனின் கன அளவு.

7. ஆர்கான் சேர்த்தால்

கலனின் கன அளவு மாறாமல் ஆர்கானைச் செலுத்தினால் மொத்த அழுத்தம் கூடும். ஆனால் NO₂, N₂O₄ இரண்டின் பகுதி அழுத்தங்களும் அப்படியே இருக்கும். Q மாறவில்லை. ஒன்றும் நடக்காது. அழுத்தமானி ஏறுவதைப் பார்த்துப் "பின்னோக்கிப் போகும்" என்று எழுதுவதுதான் இங்கே உள்ள பொறி.

பிஸ்டன் தளர்வாக இருந்து மொத்த அழுத்தம் 1 வளிமண்டலத்திலேயே நின்றால் கதை வேறு. ஆர்கானுக்கு இடம் கொடுக்கக் கலன் விரிகிறது, நம் வாயுக்களின் பகுதி அழுத்தங்கள் குறைகின்றன. தொடக்கத்தில் 1 மோல் N₂O₄-க்கு 1 மோல் ஆர்கான் என்று வைத்தால் மொத்த மோல் (2 + α) ஆகும். அதைப் போட்டுத் தீர்த்தால் α 0.19-இலிருந்து 0.25-க்கு ஏறும். ஆர்கான் வினையில் கலந்துகொள்ளவே இல்லை. ஆனாலும் பிரிகை கூடுகிறது.

8. நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேருங்கள்

புத்தகத்தில் உள்ள 0.15 என்பது 25 டிகிரிக்கு. மே மாதம் ஏசி இல்லாத நெல்லை ஆய்வகத்தில் 38 டிகிரி இருப்பது சாதாரணம். இந்தப் பிரிகை வெப்பம் கொள்கிற வினை, மோலுக்கு ஏறக்குறைய 57 கிலோஜூல். அதை வைத்து வாண்ட் ஹாஃப் சமன்பாட்டில் போட்டால் 38 டிகிரியில் Kp ஏறக்குறைய 0.39 வருகிறது. 13 டிகிரி ஏறியதற்கே இரண்டரை மடங்கு! 1 வளிமண்டலத்தில் α 0.30-க்குப் போய்விடும்.

அதாவது அழுத்தத்தை இரட்டித்ததால் ஏற்பட்ட மாற்றத்தைவிட, வெயிலால் வந்த மாற்றம் பெரிது. ஆய்வகத்தில் உங்கள் விடை புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் எடையைச் சந்தேகிக்கும் முன் வெப்பமானியைப் பாருங்கள். குடுவையை நீர்த்தொட்டியில் வைத்து, நீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணைக் கணக்கிலும் போடுங்கள். சிரிஞ்சை வேகமாக அமுக்கினாலும் வாயு சூடாகும். அதனால் அமுக்கியபின் சற்றுப் பொறுத்து, பழைய வெப்பநிலைக்கு வந்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும்.

9. இந்த வழி எங்கே நிற்கும், அடுத்து என்ன போடலாம்

இதுவரை போட்டதெல்லாம் நல்லியல்பு வாயு என்ற எடுகோளில்தான். 1, 2 வளிமண்டலத்தில் பாதகமில்லை. தூத்துக்குடி உர ஆலையில் செய்வது போன்ற அம்மோனியா தயாரிப்பில் அழுத்தம் நூறு வளிமண்டலங்களைத் தாண்டும். அங்கே பகுதி அழுத்தத்தை அப்படியே போட்டால் K மாறிலியாக நிற்காது, அழுத்தம் கூடக்கூட விலகும். ஃபியுகாசிட்டி என்ற திருத்திய அழுத்தம் தேவைப்படும். பிஎஸ்சியில் அது வரும்போது "K மாறாது என்று சொன்னார்களே" என்று குழம்ப வேண்டாம். மாறாதது ஃபியுகாசிட்டியில் எழுதிய K. திசை மட்டும் வேண்டுமென்றால் அம்மோனியாவுக்கும் படி 4 சரியாகவே சொல்லும்.

பழக்கத்துக்கு PCl₅ ⇌ PCl₃ + Cl₂ வினையை எடுங்கள். 250 டிகிரியில் Kp = 1.78 atm. அழுத்தம் 1-இலிருந்து 4 வளிமண்டலம் ஆகிறது. இங்கேயும் Δn = 1 தான். ஆனால் வலப்பக்கம் இரண்டு வெவ்வேறு வாயுக்கள், ஒவ்வொன்றும் α மோல். அதனால் Kp = α²P / (1 − α²). முன்பு இருந்த 4 இங்கே இல்லை. வாய்பாட்டை மனப்பாடம் செய்தவர்கள் விழுவது இங்கேதான். உங்களுக்கு 1 வளிமண்டலத்தில் α = 0.80, 4 வளிமண்டலத்தில் 0.55 வர வேண்டும். 0.55 என்று வந்தது முதல் அழுத்தத்துக்கே என்றால், பழைய 4-ஐப் போட்டுவிட்டீர்கள். பகுதி அழுத்தங்களை எழுதும் வரிக்குத் திரும்பிப் போங்கள்.